பிடித்த பணம் யாருடையது? மாதக் கடைசியில் எழுத வேண்டிய சம்பளக் கணக்கு

சம்பளச் சீட்டில் மொத்தச் சம்பளம் 18,000 ரூபாய் என்று இருக்கிறது. தொழிலாளியின் வங்கிக் கணக்கில் ஏறியதோ 16,095 ரூபாய். மீதி 1,905 எங்கே என்று கேட்டால், பி.எஃப்., இ.எஸ்.ஐ., தொழில் வரி என்று அலுவலகத்தில் பதில் சொல்வார்கள். பதில் சரிதான். ஆனால் சம்பளம் போட்ட அன்று அந்தப் பணம் எங்கேயும் போயிருக்காது. முதலாளியின் வங்கிக் கணக்கிலேயே கிடக்கும். வருங்கால வைப்பு நிதி அலுவலகத்துக்கும் இ.எஸ்.ஐ.க்கும் அது போய்ச் சேர இரண்டு வாரம் ஆகலாம். அந்த இடைவெளியில்தான் மாதக் கடைசி வருகிறது, கணக்கை முடிக்க வேண்டியிருக்கிறது. அப்போது அந்தப் பணத்தை எந்தப் பெயரில் எழுதி நிறுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பின்னால் வரும் பல சிக்கல்கள் அமையும், சில சமயம் ஆயிரக்கணக்கில் வரியும்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்தால் விளங்கும். கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு கூட்டாண்மைப் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2025 மார்ச். இருபது தொழிலாளர்கள், ஒரு மேற்பார்வையாளர், ஒரு மேலாளர் என்று 22 பேர். இருபது பேருக்கு மேல் என்பதால் பி.எஃப். கட்டாயம், பத்துப் பேருக்கு மேல் என்பதால் இ.எஸ்.ஐ.யும் உண்டு. இங்கே வரும் விகிதங்களும் விதிகளும் அந்த மாதத்தில் நடப்பில் இருந்தவை. பிற்பட்ட மாதத்துக்குக் கணக்கு எழுதுகிறவர்கள் அன்றைய விகிதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எழுதும் முறை மாறாது.

முதலில் ஒரே ஒரு தொழிலாளி. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000, வீட்டு வாடகைப் படி 5,000, மொத்தம் 18,000. பி.எஃப். பிடித்தம் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம், அதாவது 1,560 ரூபாய். வாடகைப் படி இதில் சேராது. இ.எஸ்.ஐ. பிடித்தம் மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம், 135 ரூபாய். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குத்தான் இ.எஸ்.ஐ.; ஆகவே மேற்பார்வையாளரும் மேலாளரும் அதில் வரமாட்டார்கள்.

தொழில் வரி தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புக்குப் போகிறது, அதுவும் அரையாண்டுக்கு ஒருமுறை. ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று அரசியல் சட்டமே வரம்பு வைத்திருப்பதால் அரையாண்டுக்கு உச்சம் 1,250. இந்தப் பட்டறையில் எல்லோரும் அந்த உச்சப் படியில் இருக்கிறார்கள். ஒரே மாதத்தில் 1,250 ரூபாயைப் பிடித்தால் தொழிலாளி திண்டாடுவார் என்று, மாதம் 208 ரூபாயாக அக்டோபரிலிருந்து பிடித்து வருகிறார்கள். ஐந்து மாதத்துக்கு 1,040 ஆகிவிட்டது. ஆறாவது மாதமான மார்ச்சில் 210 பிடித்தால் கணக்கு நேராகிவிடும். நம் தொழிலாளியின் 1,905 ரூபாய் இப்படித்தான் வந்தது.

அவருக்காகப் பட்டறை தன் கையிலிருந்து போடுவது தனி. பி.எஃப்.புக்கு இன்னொரு 12 சதவீதம், 1,560 ரூபாய். பி.எஃப். உறுப்பினருக்கான காப்பீடான இ.டி.எல்.ஐ.க்கு அரை சதவீதம், 65 ரூபாய். பி.எஃப். நிர்வாகக் கட்டணம் அரை சதவீதம், இன்னொரு 65 ரூபாய். இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், 585 ரூபாய். கூட்டினால் 2,275. இது சம்பளச் சீட்டில் வராத பணம். தொழிலாளிக்கு 18,000 ரூபாய் சம்பளம் என்றாலும் அந்த மாதம் அவரால் பட்டறைக்கு ஆன செலவு 20,275 ரூபாய்.

இந்த இரண்டு தொகைகளும் ஒரே சலானில் சேர்ந்து போவதால், இரண்டும் ஒன்று என்ற எண்ணம் எளிதாக வந்துவிடுகிறது. தன்மையில் இரண்டும் வேறு. 2,275 ரூபாய் பட்டறையின் செலவு. 1,905 ரூபாய் தொழிலாளி சம்பாதித்துவிட்ட பணம். பட்டறை அதைக் கைமாற்றிக் கொடுக்கப் பொறுப்பேற்றிருக்கிறது, அவ்வளவுதான். பஸ் கண்டக்டரின் பையில் இருக்கும் டிக்கெட் பணம் கண்டக்டருடையது ஆகாததைப் போலத்தான் இதுவும்.

இனி 22 பேருக்கும் சேர்த்து. மேற்பார்வையாளரின் சம்பளம் 30,000, மேலாளருடையது ஒரு லட்சம். இருவருக்கும் பி.எஃப். 15,000 ரூபாய் உச்சவரம்பின் மேல் கணக்கிடப்படுகிறது, ஆளுக்கு 1,800. வருமான வரிப் பிடித்தம் மேலாளருக்கு மட்டும். புதிய வரி முறையில் அவருடைய ஆண்டுச் சம்பளம் 12 லட்சத்தில் நிலையான கழிவு 75,000 போக, செஸ் உட்பட ஆண்டு வரி 71,500 வருகிறது. மாதம் 5,958 வீதம் பதினொரு மாதம் பிடித்தாயிற்று. மீதி 5,962 ரூபாய் மார்ச்சில்.

அந்த ஆண்டு மார்ச் 31 ரம்ஜான். அதனால் சம்பளத்தை 29-ஆம் தேதி சனிக்கிழமையே போட்டுவிட்டார்கள். அன்றைய குறிப்பேட்டுப் பதிவு இது.

சம்பளச் செலவு: பற்று 4,90,000
கொடுபட வேண்டிய பி.எஃப்., தொழிலாளர் பங்கு: வரவு 34,800
கொடுபட வேண்டிய இ.எஸ்.ஐ., தொழிலாளர் பங்கு: வரவு 2,700
கொடுபட வேண்டிய தொழில் வரி: வரவு 4,620
கொடுபட வேண்டிய டி.டி.எஸ்.: வரவு 5,962
கொடுபட வேண்டிய சம்பளம்: வரவு 4,41,918

அன்றே வங்கியிலிருந்து 4,41,918 ரூபாய் போனதும், கொடுபட வேண்டிய சம்பளத்தைப் பற்று வைத்து வங்கியை வரவு வைத்தால் அந்தப் பேரேடு தீர்ந்துவிடும்.

இந்தப் பதிவில் கவனிக்க வேண்டியது முதல் வரி. செலவு 4,90,000, கைக்குக் கொடுத்த 4,41,918 அல்ல. பிடித்தத்தைச் செய்தவுடன் செலவு குறைந்துவிடாது. முழுச் சம்பளமும் செலவுதான். அதில் ஒரு பகுதியைத் தொழிலாளியிடம் கொடுக்காமல் வேறிடத்தில் கட்ட வேண்டும் என்பதால், கொடுக்க வேண்டியவரின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. அந்தப் பெயர் மாற்றத்தைத்தான் வரவுப் பக்கத்தின் முதல் நான்கு வரிகள் காட்டுகின்றன.

பட்டறையின் சொந்தப் பங்குக்கு மார்ச் 31 தேதியிட்டு இன்னொரு பதிவு வேண்டும். பல சிறு நிறுவனங்களில் விட்டுப்போவது இதுதான்.

பி.எஃப். நிறுவனப் பங்குச் செலவு: பற்று 34,800
இ.டி.எல்.ஐ. செலவு: பற்று 1,450
பி.எஃப். நிர்வாகக் கட்டணம்: பற்று 1,450
இ.எஸ்.ஐ. நிறுவனப் பங்குச் செலவு: பற்று 11,700
கொடுபட வேண்டிய பி.எஃப்., நிறுவனப் பங்கும் கட்டணமும்: வரவு 37,700
கொடுபட வேண்டிய இ.எஸ்.ஐ., நிறுவனப் பங்கு: வரவு 11,700

இந்த 49,400 ரூபாயை யாரும் மார்ச்சில் கட்டவில்லை. சலான்கூட இன்னும் போடவில்லை. இருந்தும் இது மார்ச் செலவு. வேலை நடந்தது மார்ச்சில், பங்கு கட்ட வேண்டிய கடமை அந்த வேலையால் வந்தது. பணம் போகும் மாதத்தை வைத்து எழுதினால், மார்ச் 31-இல் போடும் ஐந்தொகையில் இந்தக் கடன் தெரியாமலே போய்விடும்.

தொழில் வரிக்கு மட்டும் இரண்டு வாரம் காத்திருக்க வழியில்லை. அக்டோபர்–மார்ச் அரையாண்டுக்கான வரியை மார்ச் 31-க்குள் கட்டியாக வேண்டும். அந்தப் பேரேட்டில் ஐந்து மாதப் பிடித்தமாக 22,880 ரூபாய் ஏற்கெனவே நிற்கிறது. மார்ச் மாத 4,620 சேர்ந்ததும் 27,500. அதாவது 22 பேருக்குத் தலா 1,250. சம்பளம் போட்ட கையோடு அதையும் மாநகராட்சிக்குக் கட்டியாயிற்று. கொடுபட வேண்டிய தொழில் வரி பற்று, வங்கி வரவு. மாதாமாதம் கொஞ்சமாகப் பிடிக்கும் ஏற்பாடு தொழிலாளிக்கு உதவியானது. ஆனால் பிடித்த பணம் பட்டறையின் நடைமுறைச் செலவில் கரைந்துபோக ஆறு மாத அவகாசம் கொடுப்பதும் அதுவேதான். பேரேட்டில் தொகை ஏறிக்கொண்டே வருவது கண்ணில் பட்டால், அந்த அளவுக்கு வங்கியில் விட்டுவைக்கத் தோன்றும்.

ஆக மார்ச் 31 இரவு பட்டறையின் புத்தகத்தில் நிற்கும் கடன்கள்: பி.எஃப். இரண்டு பேரேட்டிலும் சேர்த்து 72,500, இ.எஸ்.ஐ. இரண்டிலும் சேர்த்து 14,400, டி.டி.எஸ். 5,962. மொத்தம் 92,862 ரூபாய். சம்பளம் கொடுத்து முடித்துவிட்டோம் என்று நினைக்கும் முதலாளிக்கு, வங்கியில் இருக்கும் பணத்தில் இவ்வளவு தன்னுடையது இல்லை என்று இந்தப் பேரேடுகள் சொல்லுகின்றன.

சம்பளத்தை அடுத்த மாதம் ஐந்தாம் தேதிவாக்கில் கொடுக்கும் பட்டறைகளிலும் இதே பதிவுகள்தான். கொடுபட வேண்டிய சம்பளமும் மாதக் கடைசியில் கடனாக நிற்கும் என்பது ஒரு வித்தியாசம். இன்னொன்று டி.டி.எஸ். அதைச் சம்பளம் கொடுக்கும்போது பிடிக்க வேண்டும் என்பதே சட்டம் என்பதால், ஏப்ரலில் கொடுத்தால் பிடித்தமும் ஏப்ரல் கணக்கில் வரும்.

இனி கட்டும் வேளை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் அடுத்த மாதம் 15-ஆம் தேதி கடைசி. முன்பு பி.எஃப்.புக்கு ஐந்து நாள் சலுகை இருந்தது. 2016-இல் அதை எடுத்துவிட்டார்கள். டி.டி.எஸ்.ஸுக்கு மற்ற மாதங்களில் 7-ஆம் தேதி, மார்ச் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30. 2025 ஏப்ரலில் 15-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் தமிழ்ப் புத்தாண்டு, அதற்கு முந்தின நாள் ஞாயிறு, அதற்கும் முன் இரண்டாம் சனி. பத்தாம் தேதி மகாவீர் ஜயந்தி. நெட் பேங்கிங்கில் எந்த நாளும் கட்டலாம்தான். ஆனால் கட்ட ஒப்புதல் கொடுக்க வேண்டியவர் ஊருக்குப் போயிருப்பார், அல்லது கடைசி நாளில் தளம் திணறும். விவரம் தெரிந்த கணக்காளர் 11-ஆம் தேதி வெள்ளிக்கிழமையே முடித்துவிடுவார். அன்று எழுதும் பதிவு சிறியது.

கொடுபட வேண்டிய பி.எஃப்., தொழிலாளர் பங்கு: பற்று 34,800
கொடுபட வேண்டிய பி.எஃப்., நிறுவனப் பங்கும் கட்டணமும்: பற்று 37,700
வங்கி: வரவு 72,500

இ.எஸ்.ஐ.க்கும் இதே போல 2,700, 11,700 என்று இரண்டையும் பற்று வைத்து, வங்கியை 14,400 ரூபாய்க்கு வரவு வைப்பார்கள். இந்தப் பதிவுகளில் செலவுக் கணக்கு எதுவுமே வரவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். செலவு மார்ச்சிலேயே எழுதியாயிற்று. ஏப்ரலில் நடப்பது கடன் தீர்ப்பது மட்டும்.

இங்கேதான் மிகப் பரவலான பிழை நடக்கிறது. சம்பளப் பதிவை ஒருவர் முறையாக எழுதியிருப்பார். சலான் கட்டும் நாளில் வேறொருவர், 72,500 முழுவதையும் பி.எஃப். செலவு என்று பற்று வைத்துவிடுவார். தொழிலாளர் பங்கு 34,800 ஏற்கெனவே 4,90,000-க்குள் இருக்கிறது. இப்போது இரண்டாம் முறை செலவாகிறது. நிறுவனப் பங்குக்கு மாதக் கடைசிப் பதிவு போட்டிருந்தால் அதுவும் இரட்டிப்பாகும். இலாபம் இல்லாத அளவுக்குக் குறைந்து தெரியும். கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. கொடுபட வேண்டிய பி.எஃப். பேரேட்டைத் திறந்து, சலான் கட்டிய அன்றைய மீதியைப் பார்க்க வேண்டும். அது பூஜ்யமாக இருக்க வேண்டும். மாதம்தோறும் 34,800 கூடிக்கொண்டே போனால் இந்தப் பிழைதான். இதற்கு நேர்மாறாகப் பேரேட்டில் பற்று மீதி வந்தால், மாதக் கடைசிப் பதிவு விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

இன்னொரு வழக்கம், எதையுமே பாக்கியாக எழுதாமல் வங்கியிலிருந்து போனதை மட்டும் செலவாக எழுதுவது. கைக்குக் கொடுத்த சம்பளம் ஒரு செலவு, பின்னால் கட்டிய சலான் இன்னொரு செலவு. மார்ச்சில் பிப்ரவரி சலான் விழும், ஏப்ரலில் மார்ச் சலான் விழும். பார்வைக்கு ஒன்றுக்கொன்று ஈடாகிவிடுவதுபோல் இருப்பதால் இந்த முறை பல ஆண்டுகள் ஓடிவிடுகிறது. ஆள் கூடிய மாதத்திலோ சம்பளம் உயர்த்திய மாதத்திலோ ஈடு உடையும். அதைவிடப் பெரிய குறை, மேலே சொன்ன 92,862 ரூபாய் கடன் ஐந்தொகையில் எங்குமே இருக்காது. கடன் கேட்டுப் போன வங்கி அந்த ஐந்தொகையை நம்பித்தான் முடிவெடுக்கும்.

தொழிலாளர் பங்கையும் நிறுவனப் பங்கையும் ஏன் தனித்தனிப் பேரேடுகளில் வைக்க வேண்டும்? ஒரே சலானில்தானே போகிறது, ஒரே பேரேடு போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இதற்குத் தெளிவான பதில் வைத்திருந்தது. 2024-25 நிதியாண்டின் கணக்கு அந்தச் சட்டத்தின் கீழ்தான் வருகிறது. தொழிலாளியிடம் பிடித்த பங்கை அந்தச் சட்டம் முதலில் முதலாளியின் வருமானமாகவே வைத்தது. உரிய கடைசித் தேதிக்குள் நிதியில் கட்டினால் மட்டும் அதைக் கழிக்கலாம். உரிய தேதி என்றால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. சட்டங்கள் சொல்லும் 15-ஆம் தேதி. நிறுவனத்தின் சொந்தப் பங்குக்கோ வேறு விதி: வருமான வரி அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதிக்குள் கட்டினாலே அந்த ஆண்டுச் செலவாக ஏற்பார்கள்.

தாமதமாகக் கட்டினாலும் கட்டிவிட்டோமே, தொழிலாளர் பங்குக்கும் அதே சலுகை கூடாதா என்று நிறுவனங்கள் நெடுங்காலம் வழக்காடின. உயர் நீதிமன்றங்கள் இரு விதமாகவும் தீர்ப்புச் சொல்லியிருந்தன. 2022 அக்டோபர் 12 அன்று செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது: தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடித்த பணம் நிறுவனத்திடம் நம்பிக்கையின் பேரில் இருப்பது, அது நிறுவனத்தின் பங்கோடு ஒன்றல்ல, உரிய தேதிக்குள் கட்டாவிட்டால் கழிவு கிடையாது. மாதக் கடைசிப் பதிவில் அந்தத் தொகைக்குத் தனிப் பெயர் வைக்கச் சொல்லுவதற்கும் இதுவேதான் காரணம்.

நம் பட்டறை 15-க்குப் பதிலாக 16-ஆம் தேதி கட்டியிருந்தால் என்ன ஆகும்? பி.எஃப். சட்டப்படி ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. 72,500 ரூபாய்க்கு ஒரு நாள் வட்டி சுமார் 24 ரூபாய். இழப்பீட்டுத் தொகை தனியாக உண்டு. இந்த வட்டியைப் பார்த்துத்தான் பலரும் ஒரு நாள் போனால் என்ன என்று விட்டுவிடுகிறார்கள். வருமான வரிப் பக்கம் கதை வேறு. தொழிலாளர் பங்கான பி.எஃப். 34,800, இ.எஸ்.ஐ. 2,700, இரண்டும் சேர்ந்து 37,500 ரூபாய் பட்டறையின் வருமானத்தில் கூடிவிடும். கூட்டாண்மை நிறுவனத்துக்கு வரி 30 சதவீதம், செஸ்ஸுடன் 31.2. அதாவது 11,700 ரூபாய். அடுத்த ஆண்டில் கழித்துக்கொள்ளலாம் என்பதும் இல்லை, போனது போனதுதான். பணம் தொழிலாளியின் கணக்குக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்த பிறகும் இந்த வரி நிற்கிறது.

தணிக்கையாளர் இதை ஊகித்துச் சொல்வதில்லை. வரித் தணிக்கை அறிக்கையான படிவம் 3சிடி-யில், தொழிலாளரிடம் பிடித்த ஒவ்வொரு தொகைக்கும் கட்ட வேண்டிய தேதி, உண்மையில் கட்டிய தேதி இரண்டையும் தனித்தனியாக எழுத ஒரு பகுதி இருக்கிறது. தாமதம் அங்கே தெரிந்தால் அறிக்கையைப் பரிசீலிக்கும் மையமே தொகையைக் கூட்டி வரி போட்டுவிடும். ஒரே பேரேட்டில் இரண்டு பங்கும் கலந்து கிடந்தால், தணிக்கைக் காலத்தில் பன்னிரண்டு மாத சலான்களையும் பிரித்து உட்கார வேண்டும். தனித்தனியாக இருந்தால் தொழிலாளர் பங்குப் பேரேட்டை அப்படியே எடுத்து வைத்தால் போதும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், அதற்குப் பிந்திய மாதங்களுக்கு அதன் விதியைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் பிடித்த பணத்தை வைத்துக்கொண்டு கட்டாமல் இருப்பதைக் குற்றவியல் சட்டமும் நம்பிக்கை மோசடியாகவே பார்க்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த அந்த விளக்கம் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது.

பதிவு சரியாக இருந்தும் கட்ட முடியாமல் போகும் நேரம் ஒன்று உண்டு. பி.எஃப். மாதக் கணக்கான இ.சி.ஆர். கோப்பை ஏற்றும்போது, ஒவ்வொரு தொழிலாளியின் யு.ஏ.என். எண்ணோடும் ஆதார் இணைந்திருக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் இது கட்டாயம். புதிதாகச் சேர்ந்த ஒருவரின் ஆதாரில் பெயர் ஒரு மாதிரி, பி.எஃப். பதிவில் வேறு மாதிரி இருந்தால் இணைப்பு நடக்காது. அவர் பெயரைக் கோப்பில் சேர்க்க முடியாது. அவரிடம் 1,560 ரூபாய் பிடித்தாயிற்று, கட்ட வழியில்லை. பலர் அவரை விட்டுவிட்டு மற்றவர்களுக்குக் கட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். பேரேடு மறக்காது. சலான் கட்டிய பிறகும் தொழிலாளர் பங்கில் 1,560 மீதி நிற்கும். அந்த மீதிக்கு உரியவர் யார் என்று பக்கத்திலேயே பெயரை எழுதி வைத்து, ஆதார் திருத்தத்தை விரட்ட வேண்டும். சேரும் நாளிலேயே ஆதாரைச் சரிபார்த்துவிட்டால் இந்த வேலையே வராது.

சில ரூபாய் வித்தியாசம் மட்டும் வந்தால் பயப்பட வேண்டியதில்லை. இ.எஸ்.ஐ.யில் ஒவ்வொருவருடைய பங்கையும் அடுத்த முழு ரூபாய்க்கு உயர்த்திப் போடுவார்கள். மிகைநேரம் சேர்ந்து ஒருவருக்கு 18,350 ரூபாய் வந்தால், 0.75 சதவீதம் 137.63; சலானில் 138. மொத்தச் சம்பளத்துக்கு ஒரே பெருக்கலில் கணக்கிட்டவருக்கும் ஆளுக்கு ஆள் கணக்கிட்ட சலானுக்கும் நாலைந்து ரூபாய் இடறும். மாதக் கடைசிப் பதிவையே ஆள்வாரிப் பட்டியலிலிருந்து எழுதினால் அந்த இடறலும் இல்லை.

பி.எஃப். சலானை மட்டும் பதிவோடு ஒப்பிடும்போது பழகாதவர்களுக்குத் தலை சுற்றும். சலானில் தொழிலாளர் பங்கு, நிறுவனப் பங்கு என்று இரண்டே வரி இருக்காது. நிதியின் உள்கணக்கு எண்களின்படி பிரிந்திருக்கும். நம் பட்டறைக்கு முதலாம் எண்ணில் 45,440, இரண்டாம் எண்ணில் நிர்வாகக் கட்டணம் 1,450, பத்தாம் எண்ணில் ஓய்வூதிய நிதி 24,160, இருபத்தொன்றாம் எண்ணில் காப்பீடு 1,450. கூட்டினால் அதே 72,500. நிறுவனப் பங்கான 12 சதவீதத்திலிருந்து 8.33 சதவீதம் ஓய்வூதியத்துக்குப் போவதால் வரும் பிரிவு இது. 15,000 ரூபாய் சம்பளத்தின் மேல் அது 1,250-ஐத் தாண்டாது. மீதி வைப்பு நிதியில் தொழிலாளர் பங்கோடு சேர்கிறது. மொத்தம் ஒத்துப்போனால் போதும் என்று விட்டுவிடாமல், பத்தாம் எண்ணையும் ஒருமுறை ஆள்வாரியாகக் கூட்டிப் பார்ப்பது நல்லது. ஓய்வூதியத்துக்கு உரிமை இல்லாத ஒருவருக்கு அங்கே தொகை போயிருந்தால், பின்னால் திருத்துவது பெரும்பாடு.

தொழிலாளியும் தன் பக்கத்திலிருந்து இதைச் சரிபார்க்க முடியும். பி.எஃப். பாஸ்புக்கை உமங் செயலியில் திறந்தால், மார்ச் மாதச் சம்பளத்துக்கான பங்கு `Cont. For Due-Month 042025` என்ற வரியில் இருக்கும். கட்ட வேண்டிய மாதம் ஏப்ரல் என்பதால் ஏப்ரல் என்று போட்டிருப்பார்கள். மார்ச் பங்கு காணவில்லை என்று பதற வேண்டாம். அந்த வரியில் தொழிலாளர் பங்கு 1,560, நிறுவனப் பங்கு 477, ஓய்வூதியப் பங்கு 1,083 என்று மூன்று தொகைகள் இருக்கும். நிறுவனம் 477 மட்டும்தான் போட்டது என்று சண்டைக்குப் போகும் முன் மூன்றாவது தொகையையும் அதோடு கூட்டிப் பார்க்க வேண்டும், 1,560 வந்துவிடும். முதல் தொகையே சம்பளச் சீட்டில் உள்ள 1,560-ஐவிடக் குறைவாக இருந்தாலோ, அந்த வரியே இல்லாமல் போனாலோ, சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் பிரிவுக்குப் போய், கொடுபட வேண்டிய பி.எஃப். பேரேட்டில் தன் பணம் இன்னும் நிற்கிறதா என்று கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு.